ட்யூபும் சென்ட்ரல் லைனும் சரியான இடத்தில்தானா: படம், ஸ்கேன், ஈசிஜி ஆகியவற்றில் எதை எதற்கு நம்புவது

தாராபுரத்திலோ காங்கேயத்திலோ அந்தியூரிலோ அவசரமாக மூச்சு ட்யூப் போடப்பட்டு, 108 ஆம்புலன்ஸில் ஈரோட்டுக்கோ கோவைக்கோ அனுப்பப்படும் நோயாளி, தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலுக்கு வந்து சேரும்போது அந்த ட்யூப் போட்ட இடத்திலேயே இருக்கிறதா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இரத்த அழுத்தம் இறங்கியிருப்பதால், வந்த சிறிது நேரத்தில் வலது கழுத்துச் சிரை வழியாகச் சென்ட்ரல் லைனும் போடப்படுகிறது. இரவு நேரத்தில் பெரும்பாலான மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவர்தான். அவர் அவசர சிகிச்சைப் பிரிவில் எலும்பு முறிவுக்குப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். பணியிலிருக்கும் மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய கேள்வி இதுதான்: நெஞ்சுப் படம் வரும்வரை சென்ட்ரல் லைனில் நார்அட்ரினலினைத் தொடங்காமல் காத்திருப்பதா, அல்லது அல்ட்ராசவுண்ட், ஈசிஜி, அழுத்த அலை ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு இடத்தை உறுதிசெய்துவிட்டுத் தொடங்குவதா?

இந்தச் சோதனைகளில் எது துல்லியமானது என்று பொதுவாக ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனென்றால் அவை ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. ட்யூபுக்கும் லைனுக்கும் தனித்தனியே இரண்டு கேள்விகள் உண்டு. முதலாவது, அது சரியான பாதைக்குள் போயிருக்கிறதா. ட்யூப் என்றால் மூச்சுக்குழலா உணவுக்குழலா, லைன் என்றால் சிரையா தமனியா என்பது. இரண்டாவது, பாதை சரியென்றால் அதன் நுனி சரியான ஆழத்தில் நிற்கிறதா என்பது. நெஞ்சுப் படம் இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை தரும். முதல் கேள்விக்கு அதை நம்புவது ஆபத்து. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், எதற்குக் காத்திருக்க வேண்டும், எதற்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது ஏறக்குறைய தானாகவே தெளிவாகிவிடும்.

பாதையைச் சொல்பவை

படுத்திருக்கும் நோயாளிக்கு முன்னிருந்து பின்னாக எடுக்கப்படும் படத்தில் உணவுக்குழல் மூச்சுக்குழலுக்கு நேர் பின்னால் இருக்கிறது. ஆகவே உணவுக்குழலுக்குள் போன ட்யூப் மூச்சுக்குழலின் கருநிழல் மேலேயே விழுந்து, பார்ப்பதற்கு ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றக்கூடும். ட்யூபின் விளிம்பு காற்று நிழலை விட்டு வெளியே தள்ளியிருப்பது, வயிறு காற்றால் ஊதியிருப்பது போன்ற அடையாளங்கள் தெரிந்தால் சந்தேகிக்கலாம். ஆனால் அவை இல்லாததைக் கொண்டு நிம்மதியடைய முடியாது. மேலும், படம் வந்து சேரும் நேரம்வரை உணவுக்குழலில் காற்றடித்துக்கொண்டிருந்தால் நோயாளி பிழைத்திருக்க மாட்டார். இந்தக் கேள்விக்கு விடை கேப்னோகிராஃப் அலைதான். மூச்சுக்கு மூச்சு கார்பன் டைஆக்சைடு அலை தொடர்ந்து எழுமானால் ட்யூப் காற்றுப்பாதையில் இருக்கிறது. ஆம்புலன்ஸிலிருந்து கட்டிலுக்கு மாற்றியவுடன் முதலில் பொருத்த வேண்டிய கருவி அது. அலை வராத நோயாளிக்குப் படம் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

லைன் விஷயத்திலும் இதே நிலைதான், ஆனால் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. வலது கழுத்துத் தமனி வழியாகப் பெருந்தமனிக்குள் இறங்கிய லைன், படத்தில் மேற்பெருஞ்சிரையில் இருக்கும் லைனைவிடச் சற்று நடுக்கோட்டை ஒட்டித் தெரியலாம். நோயாளி கொஞ்சம் திரும்பிப் படுத்திருந்தால் அந்த வித்தியாசமும் மறைந்துவிடும். இரத்தத்தின் நிறத்தையும் பீறிடும் வேகத்தையும் பார்த்து முடிவுசெய்யும் பழைய பழக்கம், அழுத்தமும் ஆக்சிஜனும் இறங்கிக் கிடக்கும் நோயாளியிடம்தான் பொய்த்துப்போகிறது. அவருடைய தமனி இரத்தமும் கருத்து, மெதுவாகத்தான் வரும்.

இங்கே அல்ட்ராசவுண்ட் படத்தை மிஞ்சி நிற்கிறது. பாதையை அகலப்படுத்தும் டைலேட்டரை உள்ளே விடுவதற்கு முன்பே, வழிகாட்டிக் கம்பி சிரைக்குள் ஓடுவதை நீளவாட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். லைன் போட்டு முடித்தபின் 10 மில்லி சலைனைக் குலுக்கி, நுண்குமிழிகளோடு வேகமாகச் செலுத்தி, நெஞ்செலும்பின் கீழிருந்து இதயத்தைப் பார்த்தால், 2 வினாடிக்குள் வலது மேலறையில் குமிழிகள் பளிச்சென்று தெரிய வேண்டும். தாமதமாகத் தெரிந்தால் நுனி வேறெங்கோ, பெரும்பாலும் எதிர்ப்பக்கச் சிரைக்குள்ளோ மேல்நோக்கிக் கழுத்துக்குள்ளோ, திரும்பியிருக்கிறது. தெரியவே இல்லை என்றால் லைன் சிரையில் இல்லாமலிருக்கலாம். இதயம் சரியாகத் தென்படாமலும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியும்வரை அதில் மருந்து விடக் கூடாது. அதே கருவியை நெஞ்சின் முன்பக்கத்தில் வைத்து நுரையீரல் உறை மூச்சோடு வழுக்குவதைப் பார்த்தால், ஊசி பட்டு நெஞ்சறைக்குள் காற்று புகுந்திருக்கிறதா என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைக்கிறது. மல்லாந்து படுத்திருப்பவரின் நெஞ்சுக்குள் புகுந்த காற்று முன்பக்கமாகத் தேங்குவதால் படத்தில் எளிதில் தவறிவிடும். இந்த ஒரு கேள்வியில் ஸ்கேன் படத்தைவிடக் கூர்மையானது.

ஆனால் ஸ்கேன் எல்லாத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கட்டிலருகில் இருப்பதில்லை. கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கர்ப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கும் கருவியையும் பதிவுசெய்துதான் ஆக வேண்டும். சிறிய மருத்துவமனைகள் பல கருவியை வாங்கத் தயங்குவதற்கு விலை மட்டுமே காரணம் அல்ல. அப்படிப்பட்ட இடத்தில் லைனை அழுத்த அளவிக் குழாயோடு இணைத்து, மானிட்டரில் அலையைப் பார்ப்பது எளிய மாற்று. தமனியின் அலை கூரான மேடாகவும், சிரையின் அலை தாழ்ந்து நெளிந்தும் இருக்கும். தமனி அழுத்தம் பார்ப்பதற்கான இணைப்பு பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் லைனிலிருந்து எடுத்த இரத்தத்தையும் தமனியிலிருந்து எடுத்த இரத்தத்தையும் ஒரே நேரத்தில் வாயுப் பரிசோதனைக்கு அனுப்பி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

என் முடிவு இந்த இடத்திலேயே பாதி சொல்லப்பட்டுவிட்டது. கேப்னோகிராஃப் அலை இருக்கிறது, லைன் சிரையில் இருப்பது ஸ்கேனிலோ அழுத்த அலையிலோ உறுதியாகிவிட்டது, குமிழிகள் உடனே வந்தன என்றால், படம் வருவதற்கு முன்பே நார்அட்ரினலினை லைனில் தொடங்கலாம். இவை எதுவும் செய்ய வாய்ப்பில்லாத இடத்தில், முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல சிரையில் மருந்தைத் தொடங்கிவிட்டுப் படத்துக்குக் காத்திருக்கலாம். சென்ட்ரல் லைன் உறுதியாகும்வரை அழுத்தத்தை இறங்கவிட்டுக் காத்திருப்பதைவிட அது நல்லது என்பதே இன்றைய செப்சிஸ் வழிகாட்டுதல்களின் நிலைப்பாடும்.

ஆழத்தைச் சொல்வது

பாதை உறுதியான பின்பும் படம் ஏன் வேண்டும் என்ற கேள்வி இனிதான் வருகிறது. ட்யூபின் நுனி, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் கவைக்கு, அதாவது கரைனாவுக்கு, அரை சென்டிமீட்டர் மேலே நின்றாலும் இரு நுரையீரலும் விரியும். இரு பக்கமும் மூச்சொலி கேட்கும். ஸ்கேனில் இரு உறையும் வழுக்கும். கேப்னோகிராஃப் அலை அழகாக இருக்கும். அடுத்த முறை செவிலியர் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது ட்யூப் வலது கிளைக்குள் நழுவும். அதன்பின் இடது நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும். வலது மேல்மடலுக்குப் போகும் வாயும் அடைபட்டால் அதுவும் சுருங்கும். நழுவிய பின்பு கண்டுபிடிக்கும் கருவிகள் பல இருக்கின்றன. நழுவும் முன்பே, எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று சொல்பவை படமும், ட்யூபுக்குள் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பும்தான். பிராங்கோஸ்கோப் கையில் இருந்து, வேறு காரணத்துக்காக உள்ளே விட்டுப் பார்க்கிறோம் என்றால் அதுவே நேரடியான விடை. இதற்காக மட்டும் அதை எடுக்க வேண்டியதில்லை.

படத்தில் ட்யூபின் நுனியைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது நோயாளியின் கீழ்த்தாடை. தலை குனியும்போது நுனி ஏறக்குறைய 2 செ.மீ. கீழே இறங்கும், தலை அண்ணாந்தால் ஏறக்குறைய 2 செ.மீ. மேலே ஏறும். மூக்கு எந்தத் திசையில் போகிறதோ நுனியும் அந்தத் திசையில் போகும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கீழ்த்தாடையின் நிழல் கழுத்தின் ஐந்தாம், ஆறாம் முள்ளெலும்புகளின் மேல் விழுந்தால் கழுத்து நேராக இருக்கிறது. காறை எலும்புகளின் அருகே, நெஞ்சின் முதல் முள்ளெலும்பு மட்டத்தில் விழுந்தால் தலை குனிந்திருக்கிறது. நான்காம் கழுத்து முள்ளெலும்புக்கு மேலே போய்விட்டால், அல்லது தாடையே படத்தில் தெரியாவிட்டால், தலை பெரும்பாலும் அண்ணாந்திருக்கிறது. நேரான கழுத்தில் நுனி கரைனாவுக்கு 5 செ.மீ. மேலே, 2 செ.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற நெடுநாள் அளவு இந்த ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட்டுத்தான் வகுக்கப்பட்டது.

கரைனா எப்போதும் தெளிவாகத் தெரியாது. நுரையீரல் நீர் கோத்து வெளுத்திருக்கும் படத்தில், இடது கிளைக்குழலின் கீழ் விளிம்பைப் பிடித்து உள்நோக்கி நடுக்கோடுவரை கண்ணால் தொடர்ந்தால் கவைக்கு வந்து சேரலாம். பெருந்தமனி வளைவுக்குச் சற்றுக் கீழே தேடினாலும் அகப்படும். கணினியில் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக மாற்றிப் பார்ப்பது குழாய்களின் கோடுகளைக் கண்டுபிடிக்கப் பல நேரம் உதவுகிறது. எதுவுமே தெரியாவிட்டால், பெரியவர்களில் கரைனா நெஞ்சின் ஐந்தாம் முதல் ஏழாம் முள்ளெலும்புக்குள் இருக்கும் என்பதால், ட்யூபின் நுனி மூன்றாம் அல்லது நான்காம் முள்ளெலும்பின் மட்டத்தில் இருந்தால் பெரும்பாலும் பாதுகாப்பானது எனக் கொள்ளலாம்.

சென்ட்ரல் லைனுக்கும் அளவுகோல் இதே கரைனாதான் என்பது படத்தின் பெரிய வசதி. மேற்பெருஞ்சிரை வலது மேலறையோடு சேரும் இடம் படத்தில் நேரடியாகத் தெரியாது. இதயத்தின் வலது விளிம்பில் தெரியும் வளைவை வைத்து ஊகிப்பவர்கள் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். கரைனாவுக்குக் கீழே ஏறக்குறைய இரண்டு முள்ளெலும்பு உயரம், அதாவது சுமார் 4 செ.மீ., அந்தச் சந்திப்பு என்று கொள்வது அதைவிட நிலையான அளவு. இதற்கு எதிராக இன்னொரு விதி இருக்கிறது: நுனி கரைனாவுக்குக் கீழே போகவே கூடாது. இதய உறையின் மேல் எல்லை கரைனாவுக்குக் கீழே இருப்பதால், நுனி கரைனாவுக்கு மேலே இருந்தால் அது சிரைச் சுவரைத் துளைத்தாலும் இதய உறைக்குள் இரத்தம் தேங்கி இதயத்தை அழுத்தாது என்பது அதன் நியாயம். இவ்விரண்டு விதிகளில் எதைப் பின்பற்றுவது என்பதைக் கீழே வரும் நோயாளியோடு சேர்த்தே பார்ப்பது நல்லது. விதியாக மட்டும் பேசினால் முடிவு கிடைக்காது.

இடையில் ஈசிஜி வழியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வழிகாட்டிக் கம்பியையோ லைனுக்குள் நிறைந்த சலைனையோ மின்முனையாக்கி ஈசிஜியோடு இணைத்தால், நுனி இதயத்தை நெருங்க நெருங்க பி அலை உயரும். மேற்பெருஞ்சிரை மேலறையோடு சேருமிடத்தில் உச்சத்தை எட்டும். மேலறைக்குள் நுழைந்தால் அலையின் ஒரு பகுதி கீழ்நோக்கித் திரும்பும். தொற்று நீக்கிய துணி விரித்திருக்கும்போதே ஆழத்தைத் திருத்திக்கொள்ள முடிவது இதன் தனிச் சிறப்பு. படத்தால் அது முடியாது. ஆனால் பி அலையே இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இந்த முறை வேலை செய்யாது, கடும் தொற்றோடு வரும் வயதானவர்களில் அந்தத் தாளக்கோளாறு அரிதும் அல்ல. தமனிக்குள் போன கம்பியும் இதயத்துக்கு அருகில் இருப்பதால் பி அலையை மாற்றிக் காட்டக்கூடும் என்பதால், பாதையை உறுதிசெய்ய இதை நம்ப முடியாது. பழகிய குழுவும் ஏற்ற இணைப்புக் கம்பியும் உள்ள இடத்தில் இது படத்துக்கு நல்ல போட்டி. மற்ற இடங்களில் இதை நள்ளிரவில் முதன்முதலாக முயன்று பார்க்கச் சொல்ல மாட்டேன்.

ஒரு நோயாளி, ஒரே படம்

வெள்ளகோவில் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் 55 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 150 செ.மீ. நிமோனியா முற்றி, தாலுகா மருத்துவமனையில் 7.5 அளவு ட்யூப் போட்டு, பல்வரிசையில் 22 செ.மீ. குறியில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 என்பது வழக்கமான தொடக்க அளவு. அது சராசரி உயரத்துக்கானது என்பதால் இந்த அம்மாவுக்கு 22 அதிகம் என்ற சந்தேகம் படம் பார்ப்பதற்கு முன்பே எழ வேண்டும். வந்தபின் வலது கழுத்துச் சிரை வழியாக மூன்று வழி லைன் 15 செ.மீ. குறிவரை போடப்பட்டது. உயரத்தைப் பத்தால் வகுத்தால் வலது கழுத்துச் சிரைக்கான ஆழம் கிடைக்கும் என்ற சூத்திரப்படி இது சரியாகவே வருகிறது. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு ஊசி கழுத்தில் எவ்வளவு மேலே அல்லது கீழே குத்தப்பட்டது என்பது தெரியாது.

படம் வருகிறது. காறை எலும்புகளின் உள்முனைகள் முள்ளெலும்பின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சமதூரத்தில் இருப்பதால் உடல் திரும்பவில்லை. ட்யூபின் நுனி கரைனாவுக்கு 1.5 செ.மீ. மேலே இருக்கிறது. லைனின் நுனி கரைனாவுக்கு 5.5 செ.மீ. கீழே இருக்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் கேட்டுவிட்டு, ட்யூபை 3.5 செ.மீ. இழுத்து 5-க்குக் கொண்டுவரலாம், லைனை 6 செ.மீ. இழுத்துக் கரைனாவுக்கு மேலே கொண்டுவரலாம் என்று சொல்பவரைத் தவறு என்று உடனே சொல்ல முடியாது. அவர் விதிகளைத்தான் பின்பற்றுகிறார். ஆனால் இந்த நோயாளிக்கு இரண்டு முடிவுகளும் பொருந்தாது.

முதலில் ட்யூப். கீழ்த்தாடையின் நிழல் காறை எலும்புகளின் மேல் கிடக்கிறது. எக்ஸ்ரே எடுத்த தம்பியைச் செவிலியர் கேட்கிறார்: “தலகாணிய எடுத்துட்டுத்தான எடுத்தீங்க தம்பி?” “இல்லீங்க்கா, பிளேட்டு வைக்கும்போது தலைய அசைக்க வேண்டாம்னு தலகாணியோடயே எடுத்தனுங்க.” ஆக, தலை குனிந்திருக்கும்போதுதான் நுனி 1.5 செ.மீ.-இல் இருக்கிறது, இது நுனி இறங்கக்கூடிய கீழ்நிலை. கழுத்து நேரானால் அது 3.5 செ.மீ.-க்கு வரும், அண்ணாந்தால் 5.5-க்குப் போகும். இப்போது 3.5 செ.மீ. இழுத்தால் நேரான கழுத்தில் நுனி 7-இலும், அண்ணாந்த கழுத்தில் 9-இலும் நிற்கும். குரல்நாண்களிலிருந்து கரைனாவரை பெரியவர்களில் சுமார் 10 முதல் 12 செ.மீ.தான், குள்ளமான பெண்ணில் அது இந்த வரம்பின் கீழ்ப்பக்கமாகவே இருக்கும். நுனிக்கு மேலே பல சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் கஃபின் பலூன் அப்போது குரல்நாண்களுக்கு நடுவில் போய் உட்காரும். காற்றுக் கசிகிறது என்று கஃபில் இன்னும் காற்றடிப்பார்கள், குரல்நாண்கள் நசுங்கும், அடுத்த முறை வாய் சுத்தம் செய்யத் தலையை உயர்த்தும்போது ட்யூப் முழுவதுமாக வெளியே வந்துவிடலாம்.

எனவே 1 செ.மீ. இழுத்தால் போதும். நேரான கழுத்தில் 4.5, குனிந்தால் 2.5, அண்ணாந்தால் 6.5 என்று எல்லா நிலையிலும் இடைவெளி இருக்கும். பல்வரிசைக் குறி 22-இலிருந்து 21-க்கு வரும். இழுப்பதற்கு முன் வாயிலும் கஃபுக்கு மேலும் தேங்கியிருக்கும் சளியை உறிஞ்சிவிட்டு, கஃபின் காற்றை இறக்கி, ட்யூபைப் பிடித்த கையைத் தாடையில் ஊன்றிக்கொண்டு நகர்த்தி, கஃபை மறுபடி நிரப்பி, அதன் அழுத்தத்தை அளவியால் பார்த்துவிட்டுக் கட்ட வேண்டும். கட்டும் வேலையில் குறி நழுவிவிடுவது வழக்கம் என்பதால் கட்டிய பின்பும் குறியைப் படிக்க வேண்டும்.

அடுத்து லைன். சந்திப்பு கரைனாவுக்கு 4 செ.மீ. கீழே என்று கொண்டால், நுனி அதைத் தாண்டி 1.5 செ.மீ. மேலறைக்குள் இருக்கிறது. படுத்த நிலையில் முன்னிருந்து எடுக்கும் படத்தில், பின்னால் இருக்கும் தட்டிலிருந்து விலகியிருக்கும் உறுப்புகள் சற்றுப் பெரிதாகத் தெரிவதால் உண்மையான அளவு கொஞ்சம் குறைவாக இருக்கலாம். அதனால்தான் முள்ளெலும்பு உயரத்தால் எண்ணிப் பார்ப்பது நல்லது. இவருடைய படத்தில் இரண்டு முள்ளெலும்பு உயரத்தைத் தாண்டித்தான் நுனி நிற்கிறது. ஆகவே மேலே இழுக்க வேண்டும் என்பதில் கேள்வியில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கரைனா விதிப்படி 6 செ.மீ. இழுத்தால் தோலில் 9 செ.மீ. குறி வரும். மூன்று வழி லைனில் மருந்து வெளிவரும் மூன்று வாய்களும் நுனியில் இல்லை. மேல் வாய் நுனிக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. தோலுக்கும் சிரைக்கும் இடையே சாய்வாகப் போகும் தூரத்தையும் கழித்தால், அந்த வாய் சிரை துளைபட்ட இடத்துக்கு மிக அருகில் வந்துவிடும். கழுத்து வீங்கினாலோ நோயாளியைப் புரட்டினாலோ அது சிரைக்கு வெளியே வந்து, அதில் ஓடும் நார்அட்ரினலின் கழுத்துச் சதைக்குள் கசியும். இதற்கு மாறாக 2.5 செ.மீ. மட்டும் இழுத்தால் நுனி கரைனாவுக்கு 3 செ.மீ. கீழே, மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பகுதியில், சிரைச் சுவருக்கு இணையாக நிற்கும். வலது கழுத்திலிருந்து இறங்கும் பாதை ஏறக்குறைய நேர்க்கோடு என்பதால் நுனி சுவரைக் குத்திக்கொண்டு நிற்பதில்லை. துளைபடும் ஆபத்து பெரும்பாலும் நுனி சுவரை எதிர்த்து நிற்கும் கோணத்தால் வருகிறது. கோணமே இல்லாதபோது கரைனா விதியின் கெடுபிடிக்கு இந்த நோயாளியிடம் அதிக நியாயமில்லை. இவருக்கு 2.5 செ.மீ. என்பதே என் தேர்வு.

லைன் இடது கழுத்து வழியாகப் போடப்பட்டிருந்தால், இதே கரைனா விதி உதவி செய்வதற்குப் பதிலாகத் தீங்கு செய்யும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடதிலிருந்து வரும் லைன் மார்பின் குறுக்கே வந்து, பின் கீழ்நோக்கித் திரும்புகிறது. நுனி கரைனாவுக்கு மேலேயே நின்றால், அது மேற்பெருஞ்சிரையின் வலது சுவரில் ஏறக்குறைய செங்குத்தாக மோதி நிற்கும். படத்தில் கடைசி சில சென்டிமீட்டர் கோடு வலப்பக்கம் முட்டிக்கொண்டு நிற்பதும், நுனி மேல்நோக்கிச் சுருண்டிருப்பதும் அதற்கு அடையாளங்கள். கோணம் 40 பாகைக்கு மேல் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்பது பரவலாக வழங்கும் அளவு. ஆகவே இடப்பக்க லைனுக்குக் கரைனாவுக்குக் கீழே, சுவருக்கு இணையான நிலைவரை நுனி இறங்கியிருப்பதே பாதுகாப்பு. ஆனால் லைனை வெளியே இழுக்கலாமே தவிர, தொற்று நீக்கிய துணியை எடுத்தபின் உள்ளே தள்ளக் கூடாது. தோலுக்கு வெளியே இருந்த பகுதியோடு கிருமியும் உள்ளே போகும். அதனால் இடப்பக்கம் போடும்போது சிறிது ஆழமாகப் போட்டுவிட்டுப் படம் பார்த்து இழுப்பதே வசதி. குட்டையாகப் போட்டுவிட்டால் புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

லைனின் கோடு நடுக்கோட்டைக் கடக்காமல் இதயத்தின் இடது விளிம்பை ஒட்டி நேராகக் கீழே இறங்கினால், உடனே மருந்தை நிறுத்திவிட்டு அழுத்த அலையைப் பார்க்க வேண்டும். தமனியாக இருக்கலாம், சிரை அலை வந்தால், ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பிறவியிலேயே இருக்கும் இடது மேற்பெருஞ்சிரையாகவும் இருக்கலாம். படம் சந்தேகத்தை எழுப்பும் இடம் இது. தீர்த்துவைக்கும் இடம் அல்ல.

மாற்றியபின் மறுபடம் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இந்த அம்மாவுக்கு ட்யூபை 1 செ.மீ., லைனை 2.5 செ.மீ. இழுத்ததற்காக மட்டும் அதே இரவில் இன்னொரு படம் தேவையில்லை. கணக்கு தெளிவாக இருக்கிறது, இரண்டும் பாதுகாப்பான திசையில்தான் நகர்ந்தன. லைன் சுருண்டிருந்து நேராக்கப்பட்டிருந்தாலோ, ட்யூப் வலது கிளைக்குள் இருந்து வெளியே எடுக்கப்பட்டிருந்தாலோ மறுபடம் அவசியம். வெண்டிலேட்டரில் இருப்பவர் எல்லோருக்கும் தினமும் காலையில் ஒரு படம் என்ற வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. ஆக்சிஜன் இறங்கியது, காற்றழுத்தம் ஏறியது, பல்வரிசைக் குறி மாறியது என்று காரணம் இருக்கும்போது எடுக்கும் படத்தை எல்லோரும் கவனமாகப் பார்க்கிறார்கள். வழக்கமாக வரும் படத்தைப் பாதிப்பேர் திறப்பதே இல்லை.

கடைசியாக, நோயாளியின் தாளில் எழுத வேண்டியது. “படம் பார்த்தாயிற்று, சரி” என்ற குறிப்பால் அடுத்த பணிநேரத்துக்கு வருபவருக்குப் பயனில்லை. ட்யூப் பல்வரிசையில் 21 செ.மீ.; படம் எடுத்தபோது தலை குனிந்திருந்தது, நுனி கரைனாவுக்கு 1.5 செ.மீ. மேலே, அதன்பின் 1 செ.மீ. இழுக்கப்பட்டது, லைன் வலது கழுத்து, தோலில் 12.5 செ.மீ., கரைனாவுக்குக் கீழே 5.5-இலிருந்து 3-க்கு இழுக்கப்பட்டது, சிரை என்பது அழுத்த அலையால் உறுதி, நேரம் இன்னது என்று எழுதியிருந்தால், விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கும்போது வருபவர் பல்வரிசைக் குறி 23 என்று இருப்பதைப் பார்த்தவுடனே எக்ஸ்ரேவுக்குக் காத்திராமல் ட்யூபைத் திரும்ப 21-க்கு இழுப்பார்.